பித்தப்பை இல்லாத வயிற்றுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்

அக்காவுக்குப் பித்தப்பையை எடுத்த 11ஆம் நாள், கும்பகோணத்தில் அவள் இருக்கும் தெருவிலேயே ஒரு வளைகாப்பு. வயிற்றில் நாலு சின்னத் துளை, அதுவும் ஆறிவிட்டது. எத்தனை நாள்தான் ரசம் சாதமே சாப்பிடுவது என்று போய் உட்கார்ந்துவிட்டாள். இலையில் புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், உளுந்து வடை இரண்டு, அப்பளம், பாயசம். "எல்லாத்துலயும் ஒவ்வொரு கரண்டிதான்டா வாங்கினேன்" என்பது பிறகு அவள் எனக்குச் சொன்னது.

இரண்டு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்றது. சாயங்காலத்துக்குள் நாலு தடவை போனாள். மஞ்சளாக, நீராக, எரிச்சலோடு. ராத்திரி போன் செய்து, "ஆபரேஷன் சரியாப் பண்ணலையோ என்னமோ, தம்பி" என்று அழுதாள். மறுநாள் டாக்டர் தையல் போட்ட இடத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டாராம். பட்டியலைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை, இலையில்தான் கோளாறு.

அந்த இலையை நான் எண்ணெய்க் கணக்கில் பிரித்துப் பார்த்தேன். வீட்டுச் சமையல் தெரிந்தவர்கள் குத்துமதிப்பாகச் சொல்லக்கூடிய கணக்குதான். புளிக்காய்ச்சலில் மிதக்கும் நல்லெண்ணெயும் வேர்க்கடலையும் சேர்த்து 3 டீஸ்பூன். தேங்காய்ச் சாதத்தில் 2. எலுமிச்சைச் சாதத்தில் 1. வடை இரண்டிலும் 3. அப்பளமும் பாயசத்து நெய் முந்திரியும் 2. மொத்தம் 11 டீஸ்பூன் கொழுப்பு, ஒரே உட்காரலில். அதற்கு முந்தைய நாள்வரை காலை முதல் ராத்திரி வரை அவள் சாப்பிட்ட எண்ணெய் எல்லாம் சேர்ந்தே 3 டீஸ்பூன் இருக்காது.

இதில் என்ன தப்பு நடந்தது என்று புரிய, பித்தப்பை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டும். பித்தநீரைச் சுரப்பது ஈரல். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை அதைச் சுரப்பதில்லை, சேர்த்து வைக்கிறது. 30 முதல் 50 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பை. ஆனால் பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து தகவல் சொல்லும். பை சுருங்கி, கெட்டியான பித்தநீரை ஒரே மூச்சில் கொட்டும். சோப்புத் தண்ணீர் எண்ணெய்ப் பாத்திரத்தில் செய்கிற வேலையை அது கொழுப்பிடம் செய்யும்.

பையை எடுத்த பிறகும் ஈரல் வழக்கம்போலச் சுரக்கிறது. சேர்த்து வைக்கத்தான் இடம் இல்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு மாதிரி. குழாயில் நூல் மாதிரி தண்ணீர் நாள் முழுக்க வந்துகொண்டேயிருக்கும், குடம் குடமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஐந்து வாளி வேண்டும் என்றால் வராது. 11 டீஸ்பூன் கொழுப்பு வந்து இறங்கும்போது அதைக் கரைக்கப் போதுமான பித்தநீர் அந்த நேரத்தில் அங்கே இருக்காது. கரையாத கொழுப்பு பெருங்குடலுக்கு நழுவும். மறுபக்கம், சாப்பாடு இல்லாத வேளையிலும் பித்தநீர் சொட்டிக்கொண்டிருப்பதால் அதில் ஒரு பங்கும் பெருங்குடலை எட்டிப் பார்க்கும். அங்கே அது தண்ணீரைச் சுரக்க வைத்து, குடலை வேகமாகத் தள்ளவும் வைக்கும். அக்காவின் மஞ்சள் பேதியும் எரிச்சலும் இந்த இரண்டும் சேர்ந்து செய்த வேலை.

குதிரைக்கும் எலிக்கும் யானைக்கும் பித்தப்பையே கிடையாது. மனிதனும் அது இல்லாமல் வாழலாம் என்பது 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் அதை வெட்டி எடுத்ததிலிருந்தே தெரிந்த சங்கதி. ஆகவே பித்தப்பை போனவர்களுக்கு எண்ணெய் ஜென்மத்துக்கும் ஆகாது என்பது வெறும் பயம். பலருக்கு முதல் வாரத்திலேயே வழக்கமான சாப்பாடு ஒத்துக்கொள்கிறது. அதனால் சில அறுவை மருத்துவர்கள் தனியாகப் பத்தியமே சொல்வதில்லை. வேறு சிலர் நான்கு வாரம் கவனமாக இருக்கச் சொல்வார்கள். உங்களுடைய டாக்டர் சொன்னதை முதலில் வையுங்கள். நான் சொல்லப்போவது, வயிறு மெல்லப் பழகட்டும் என்று நினைப்பவர்களுக்கான வழி.

நம் வீடுகளில் சிக்கல் பத்தியம் என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ஆபரேஷன் ஆனவருக்குப் புண் ஆற வேண்டும் என்று பூண்டுக் குழம்பு வைப்போம். அதில் பூண்டு வதங்க ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய், இறக்கும்போது மேலே இன்னும் கொஞ்சம். குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்து நின்றால்தான் பக்குவம் என்பார்கள். அக்காவுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அம்மா அதைத்தான் வைத்தாள். "நல்லெண்ணெய் குளிர்ச்சிடி, எண்ணெய் இல்லாமப் புண்ணு எப்படி ஆறும்?" என்று வாதம் வேறு. பிள்ளை பெற்றவளுக்கு ஏற்பட்ட சமையல் அது. பித்தப்பை எடுத்தவருக்கு முதல் இரண்டு வாரம் அது சரிப்படாது. தெம்புக்கு என்று கொடுக்கும் ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். சூப் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளை ஆடையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் முழுக்க எடுத்துவிட்டு அடியில் இருப்பதைச் சுட வைத்துக் கொடுங்கள். எடுத்த கொழுப்பு எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்தால் மறுபடி அப்படியே கொடுக்க மனசு வராது.

அளவுக்கு ஒரே கருவி போதும், மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி டீஸ்பூன். அது நிறைய எண்ணெய் என்றால் சுமார் நாலரை கிராம் கொழுப்பு. முதல் வாரங்களில் ஒரு தடவை சாப்பிடும் பண்டத்தில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் சமையலில் அது முக்கால் டீஸ்பூனுக்கும் குறைவு. அக்கா வீட்டில் எண்ணெய்த் தூக்கிலிருந்து சாய்த்து ஊற்றும் வழக்கத்தை நிறுத்தி, காலையில் 3 டீஸ்பூன் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் அளந்து தனியாக வைத்தோம். அன்றைக்கு அவளுக்கு ஆகும் சமையல் எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் முடிய வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டர் அனுமதித்த பிறகு தண்ணீரை வாய் வாயாகத்தான் தொடங்குவார்கள். அது தங்கினால் இளநீர், வடித்த கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம். அந்த ஒன்றிரண்டு நாளில் வயிறு உப்பினாற்போலவும் வலது தோளில் குத்தினாற்போலவும் இருக்கும். துளை வழி ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது, ஓரிரு நாளில் போய்விடும். அதைச் சாப்பாட்டின் மேல் பழி போட்டுப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு, வேண்டாம். வலி மாத்திரையால் முதல் மூன்று நான்கு நாள் மலச்சிக்கல் வருவதும் சகஜம். வெதுவெதுப்பான தண்ணீரும் வீட்டுக்குள் நடையும் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்கு நம் சமையலைப் போல வசதி வேறு எதிலும் இல்லை என்பேன். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், கஞ்சி எல்லாம் எண்ணெய் படாமலே வெந்து வருபவை. தொட்டுக்கொள்வதில்தான் வினை இருக்கிறது. இட்லிக்கு எண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடி வைத்தால், பொடியில் உள்ள எள்ளும் சேர்ந்து, இட்லி தப்பித்த கொழுப்பைப் பொடி கொண்டுவந்து சேர்க்கும். தேங்காய்ச் சட்னியை நாம் கொழுப்பாகவே நினைப்பதில்லை. துருவின தேங்காய் 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு. இரண்டு மேஜைக்கரண்டித் துருவல் போட்டால் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றிய கணக்கு. அதனால் அக்காவுக்கு இட்லியோடு பாசிப்பருப்பை நீர்க்கக் கடைந்து, சீரகமும் தக்காளியும் போட்டு ஒரு குழம்பு. சாப்பாடு கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. காலை 8 மணிக்கு இரண்டு இட்லி, 11க்கு மோர், 1 மணிக்கு ஒரு கிண்ணம் குழைந்த சாதமும் ரசமும் ஒரு காயும், 4க்கு ஒரு வாழைப்பழம், 7க்கு இடியாப்பம், படுக்கும் முன் ஆடை நீக்கிய பால் அரை டம்ளர். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் கஞ்சியை மட்டும் மூன்று வேளையும் கொடுக்காமல் விட்டோம். வெறும் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், சற்று நேரத்தில் பசியும் எடுக்கும். அதோடு கொஞ்சம் பருப்பு சேர்ந்தால் இரண்டும் மட்டுப்படும்.

அந்த வாரம் அதிகம் செய்தது சுரைக்காய்க் கூட்டு. இரண்டு பேருக்குக் கால் கிலோ சுரைக்காய், 3 மேஜைக்கரண்டி பாசிப்பருப்பு, மஞ்சள்தூள், உப்பு, குக்கரில் இரண்டு விசில். வழக்கமாகத் தேங்காயும் சீரகமும் அரைத்து விடும் இடத்தில், வெந்த பருப்பிலேயே ஒரு கரண்டி எடுத்து, அரை டீஸ்பூன் சீரகம், நாலு மிளகோடு அரைத்து விட்டோம். கூட்டு கெட்டியாகவே நிற்கும். தாளிப்புக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், இரும்புக் கரண்டியில். எண்ணெய் குறைவாக இருந்தால் கடுகு வெடிக்காமல் கருகும், அதனால் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, எண்ணெயை ஓர் ஓரத்தில் தேக்கி அதில் கடுகைப் போட வேண்டும். ரசத்துக்கு அதுகூட வேண்டாம். சீரகம், மிளகு, கறிவேப்பிலையை வெறும் சட்டியில் வறுத்து நுணுக்கிப் போட்டு மூடி வைத்தால் வாசனை குறையாது. பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி, சௌசௌ, கேரட் எல்லாம் இந்த வாரத்துக்கு ஏற்ற காய்கள். முட்டைக்கோஸ், காலிபிளவர், கொண்டைக்கடலை, மொச்சை வாயு சேர்ப்பவை. அவற்றைத் தள்ளி வையுங்கள்.

பால் பாக்கெட்டில் நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் நாலரை, சமன்படுத்திய பாலில் 3, இருமுறை சமன்படுத்தியதில் ஒன்றரை. கடைசி இரண்டில் ஒன்றைக் காய்ச்சி, ஆறவிட்டு ஆடையை எடுத்துவிட்டால் போதும். அதில் தோய்த்த தயிரைக் கடைந்து மோராக்கினால் வெண்ணெயும் போய்விடும். காபி விஷயத்தில் அக்காவோடு பெரிய சண்டை. டிகாஷன் குடலைத் தூண்டிவிடும், வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் வேகமாக. முதல் வாரம் விட்டுவிட்டு, பிறகு இட்லி சாப்பிட்டபின் அரை டம்ளர் என்று ஒரு சமரசத்துக்கு வந்தாள்.

வளைகாப்பு அமர்க்களத்துக்குப் பிறகு இரண்டு நாள் பழையபடி கஞ்சி, மோர், வாழைப்பழம் என்று திரும்பி, வயிறு அடங்கியதும் முறையாகத் தொடங்கினோம். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு. ஒரு நாளில் ஒரு புதுப் பண்டம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டோடு, பாதி அளவு. ராத்திரி புதிதாக ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றும் மறுநாளும் வயிறு எப்படி இருந்தது, எத்தனை தடவை போனாள் என்று எழுதினாள். ஒத்துக்கொண்டால் மூன்றாம் நாள் முழு அளவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை அடித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாதி அளவில் மறுபடி. ஒரே நாளில் முட்டையும் சாம்பாரும் கீரையும் சேர்த்து ஆரம்பித்தால் எது வம்பு செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நோட்டில் முதலில் வந்தது துவரம்பருப்பு சாம்பார், அடுத்தது முட்டை வெள்ளைக்கரு. கொழுப்பு முழுக்க மஞ்சள்கருவில்தான், ஒன்றில் சுமார் 5 கிராம். அதனால் மஞ்சள்கரு மூன்றாம் வாரத்தில், ஒன்று மட்டும். பிறகு அரை டீஸ்பூன் எண்ணெயில் நான்ஸ்டிக் கல்லில் வார்த்த தோசை. மீனில் சங்கராவும் கிழங்கானும் முதலில், குழம்பாக. மத்தி நல்ல மீன்தான், ஆனால் எண்ணெய் மீன், அது ஒரு மாதம் பொறுக்கும். கோழியில் தோலை உரித்து, மார்புப் பகுதி இரண்டு துண்டு. ஆட்டுக்கறி கடைசியில், கொழுப்பு இல்லாத தொடைக்கறியாகக் கேட்டு வாங்கி. மூன்றாம் வாரத்தில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்று கிண்ணத்தின் அளவைக் கூட்டினோம். தேங்காய் ஒரு மேஜைக்கரண்டி திரும்பி வந்தது. ஆறாம் வாரத்தில் ஒரு வடை, வயிறு நிறையச் சாப்பிட்ட பின் இல்லை, இரண்டு இட்லியோடு. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வடையை அவளே கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று பார்த்திருக்கிறேன். பயந்துபோய் மாதக்கணக்கில் சொட்டு எண்ணெய் இல்லாமல் இருப்பவர்கள். ஏ, டி, இ, கே விட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். எண்ணெயை ஒதுக்கிய இடத்தைச் சாதத்தாலும் பிஸ்கட்டாலும் நிரப்பினால் சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு வம்பு, அந்த பிஸ்கட்டிலேயே கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பது தனிக் கதை. சிறிது சிறிதாகக் கொடுத்தால்தான் குடலும் பழகும்.

பேதி சிலருக்கு முதல் சில வாரம் விட்டு விட்டு வரும். அப்போது பித்தநீரைத் தன்னோடு பிடித்துக்கொள்கிற நார் உதவும். ஓட்ஸ் கஞ்சி, பழுத்த வாழைப்பழம், வேகவைத்த கேரட், தோல் சீவிய ஆப்பிள் ஆகியவற்றில் இருப்பது அந்த வழுவழுப்பான நார். ஒரே நாளில் நிறையச் சேர்த்தால் வயிறு உப்பும், கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிளகாய்க் காரம் எரிச்சலைக் கூட்டும், அதைக் குறையுங்கள். இத்தனையும் செய்தும் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினால், சாப்பாட்டை இன்னும் இன்னும் குறைத்து உடம்பை வற்றவிட வேண்டாம். பித்தநீரைக் கட்டிப்போட்டு வெளியேற்றுகிற கொலஸ்டிரமைன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொன்னால்தான் எழுதித் தருவார்.

கடைசியாக, சமையலறையில் தீராத சில அறிகுறிகள். கண்வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவது, மலம் களிமண் மாதிரி வெளுப்பது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே நாளுக்கு நாள் கூடும் வலி, நிற்காத வாந்தி, துளை போட்ட இடத்தில் சீழ். பித்தக் குழாயில் ஒரு கல் தங்கிவிட்டாலும், குழாயில் கசிவோ அடைப்போ இருந்தாலும் இவற்றில் சில தெரியும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.